டிரைவர் சைடு, கிளீனர் சைடு: துளை வரிசையும் எதிர்ப்படியும்

நாமக்கல் பக்கம் பாடி கட்டும் பட்டறையில் ஒரு லாரிப் பாடியைக் கூர்ந்து பார்த்தால், அதில் புதிதாக யோசித்துச் செய்த உருப்படிகள் சொற்பம்தான் என்பது தெரியும். குறுக்குச் சேனல் ஒன்றுதான். அது வரிசையாகப் பல தடவை வருகிறது. போல்ட் துளை ஒன்றுதான். அது பக்கச் சேனலின் நீளம் முழுக்கத் திரும்பத் திரும்ப வருகிறது. டிரைவர் சைடில் இருப்பது கிளீனர் சைடில் இடவலம் மாறி இருக்கிறது. திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டி கட்டுகிறவர்களுக்கும் சங்ககிரியில் டிரெய்லர் கட்டுகிறவர்களுக்கும் இதே கதைதான்.

இந்தப் பட்டறைகளின் வரைபடம் சாக்பீஸிலிருந்து கணினிக்குப் போனதும் இரண்டு கட்டளைகள் எல்லோருக்கும் பழகிவிட்டன. ஒன்று `Pattern`, மற்றது `Mirror`. ஒரு துளையை இருபத்தைந்தாக்குவது முன்னது. ஒரு பக்கத்தை இரண்டு பக்கமாக்குவது பின்னது. இரண்டையும் நேரம் மிச்சப்படுத்தும் நகல் கருவிகளாகவே பெரும்பாலோர் கற்றுக்கொள்கிறார்கள். நகல் எடுக்கத்தான் என்றால் `Copy` போதும். பேட்டர்னும் மிரரும் செய்கிற வேலை வேறு: எந்த விதிப்படி அது திரும்ப வருகிறது என்பதை மாடலுக்குள் எழுதி வைக்கின்றன. விதியைத் தப்பாக எழுதினால் முதல் வண்டியில் எதுவும் தெரியாது. இரண்டாவது வண்டிக்கு நீளத்தை மாற்றும்போது தெரியும்.

இந்த எண்ணம் கணினி வரைகலையின் பிறப்பிலேயே இருக்கிறது. 1963-இல் ஐவன் சதர்லேண்ட் எம்ஐடியில் தன் ஆய்வேட்டுக்காக உருவாக்கிய ஸ்கெட்ச்பேட் என்ற நிரலில், ஒரு மூலப் படத்தை ஒரு தடவை வரைந்து பல இடங்களில் நிறுத்தலாம். மூலத்தில் ஒரு கோட்டைத் திருத்தினால் நிறுத்திய அத்தனையும் திருந்தும். 1980களின் பிற்பகுதியில் வந்த புரோ-இன்ஜினியர் இதை முப்பரிமாண உருப்படிக்கும், அளவுகளோடு கட்டிய வரலாற்றுக்கும் கொண்டுவந்தது. 1995-இல் வந்த சாலிட்வொர்க்ஸ் அதைச் சாதாரண விண்டோஸ் கணினிக்குள் இறக்கியது. இப்போது காசில்லாமல் கிடைக்கும் ஃப்ரீகேட் வரை எல்லாவற்றிலும் அமைப்பு ஒன்றே. விதைபோல ஒரு மூல உறுப்பு, திசை அல்லது அச்சு, இடைவெளி, எண்ணிக்கை.

எண்ணிக்கையில்தான் முதல் சறுக்கல். பெரும்பாலான நிரல்களில் மூலத் துளையும் எண்ணிக்கையில் சேரும். 24 இடைவெளி வேண்டுமென்றால் 25 என்று தர வேண்டும். தென்னை நட்டவருக்குத் தெரிந்த கணக்குதான், ஆனாலும் திரைக்கு முன்னால் மறந்துபோகிறது.

ஒரு பக்கச் சேனலை எடுத்துக்கொண்டு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். நீளம் 7300 மில்லிமீட்டர். அதன்மேல் ஓர் ஆங்கிளை எம்12 போல்ட் போட்டு முடுக்க வேண்டும். துளை 13.5 மில்லிமீட்டர். துளைக்குத் துளை 300. துளையின் மையம் சேனல் முனைக்கு எவ்வளவு கிட்டே போகலாம்? கட்டட இரும்பு வேலைக்கான இந்தியத் தரநூலான IS 800, கையால் வெட்டிய விளிம்பென்றால் துளை விட்டத்தின் 1.7 மடங்காவது விடச் சொல்கிறது. இங்கே அது சுமார் 23. லாரி அந்த நூலுக்குக் கட்டுப்பட்டதல்ல என்றாலும் கைக்கு நல்ல அளவுகோல். கொஞ்சம் தாராளமாக 30 என்று வைத்துக்கொள்வோம்.

வழக்கமாக ஒருவர் என்ன செய்வார்? இடது முனையிலிருந்து 60 தள்ளி முதல் துளை, 300 இடைவெளி, 25 எண்ணிக்கை. கடைசித் துளை 7260-இல் விழும். அந்த முனையில் 40 மிச்சம். ஒரு முனையில் 60, மறு முனையில் 40. பார்வைக்குத் தெரியாது, வண்டியும் ஓடும். அடுத்த வாடிக்கையாளர் 6700 நீளம் கேட்கிறார். நீளத்தை மட்டும் மாற்றினால், 23-ஆவது துளை 6660-இல் சேனலுக்குள் விழுகிறது. 24-ஆவதும் 25-ஆவதும் சேனலைத் தாண்டிக் காற்றில் விழுகின்றன. சில நிரல்கள் சிவப்புக் குறி காட்டும். சில, காற்றில் துளைப்பதற்கு எதிர்ப்புச் சொல்லாமல் கடந்துவிடும். மாடலில் 23 துளை, பேட்டர்னின் எண்ணிக்கையில் 25. போல்ட் கணக்கை அந்த எண்ணிக்கையிலிருந்து எடுத்தால் ஒவ்வொரு பக்கத்துக்கும் இரண்டு போல்ட் அதிகமாகக் கடைக்குப் போகும். எதிர்த்திசையில் நீளத்தைக் கூட்டினால் இழப்பு பெரிது: துளை நின்றுபோன இடத்துக்கு அப்பால் ஆங்கிள் முடுக்கப்படாமல் தொங்கும்.

எனவே எண்ணிக்கையைக் கையால் தட்டக்கூடாது. நீளத்திலிருந்து வரவைக்க வேண்டும். அதற்கு இரண்டு வழிகள் உண்டு. எதை எடுப்பது என்பதைத் துளை போடும் கருவிதான் தீர்மானிக்கும்.

முதல் வழி, முனை விளிம்பை நிலையாக வைத்து இடைவெளியைச் சமமாகப் பங்கிடுவது. இரு முனையிலும் 60 விட்டால் நடுவில் 7180. இடைவெளி 300-ஐத் தாண்டக்கூடாது என்றால் 24 இடைவெளி, ஒவ்வொன்றும் 299.17. லேசர் மெஷினுக்கோ சிஎன்சி டிரில்லுக்கோ இந்த எண் ஒரு பொருட்டே அல்ல. டேப்பும் சென்டர் பஞ்சும் வைத்திருக்கிறவரிடம் 299.17 என்று எழுதிக் கொடுத்தால் அவர் 299 என்பார், அல்லது 300 என்பார், இரண்டும் தப்பு.

இரண்டாவது வழி இடைவெளியை 300 என்று நிலையாக வைத்து, மிச்சத்தை இரண்டு முனைக்கும் சமமாகப் பிரிப்பது. விதி இவ்வளவுதான்:

```
gaps  = floor((railLen - 2 * endMin) / pitch)
first = (railLen - gaps * pitch) / 2
holes = gaps + 1
```

7300-க்குப் போட்டுப் பாருங்கள். 7300-இலிருந்து முனைக்கு 30 வீதம் 60 போக 7240; 300-ஆல் வகுத்தால் 24.13; கீழ்நோக்கி முழு எண்ணாக்கினால் 24. முதல் துளை 50-இல், துளைகள் 25. நீளம் 6700 ஆனால் 22 இடைவெளி, முதல் துளை மறுபடி 50-இல், துளைகள் 23. நீளம் 7200 என்றால் 23 இடைவெளிதான் வரும். முதல் துளை 150-இல் போய் நிற்கும். கொஞ்சம் அசிங்கம், ஆனால் பாதி இடைவெளிக்கு மேல் இல்லை. இந்த விதியில் முனை விளிம்பு ஒருபோதும் 180-ஐ எட்டாது, அதாவது குறைந்தபட்ச விளிம்போடு பாதி இடைவெளி சேர்ந்த அளவை. அது பொறுக்கும் என்றால் டேப் பிடிக்கிறவருக்கு இதுவே சிறந்த வழி. எனக்கு விருப்பமும் இதுதான். உருப்படியை உண்டாக்கப் போகிறவரின் கைக்கு ஏற்ற எண்ணை மாடல் தர வேண்டும்.

வரைபடத்தில் அளவு எழுதும் விதமும் இதன் பகுதி. மாடலில் 300 என்பது பிசகில்லாத 300. தரையில் ஒவ்வொரு துளையையும் முந்திய துளையிலிருந்து குறித்துக்கொண்டு போனால், குறிக்கு அரை மில்லிமீட்டர் வீதம் ஒரே பக்கம் சாய்ந்தால்கூட 24 இடைவெளியில் 12 மில்லிமீட்டர் ஓடிவிடும். 13.5 துளையில் 12 போல்ட் என்பதால், ஒன்றின்மேல் ஒன்று வரும் இரண்டு துளைகளுக்கு இடையே 1.5 வரை விலகலைப் போல்ட் தாங்கும். ஆங்கிளில் துளை சரியாக விழுந்து, சேனலில் மட்டும் இப்படிக் குறித்துப் போனால் நான்காவது இடைவெளியிலேயே போல்ட் நுழையாது. அதனால் வரைபடத்தில் முதல் துளையைச் சேனல் முனையிலிருந்தும், மற்றவற்றை 300, 600, 900 என்று முதல் துளையிலிருந்தும் கூட்டி எழுதுவதே பாதுகாப்பு. சோதிக்க வேண்டுமானால் முதல் துளைக்கும் கடைசித் துளைக்கும் டேப் பிடித்து 7200 வருகிறதா என்று பார்த்தால் போதும். இடையிலுள்ளவை அப்புறம்.

இங்கே ஒரு குறுக்குக் கேள்வி வரும். சேனல் நடுவில் ஒரு தளத்தை வைத்து, பாதி நீளத்துக்குத் துளை போட்டு, மறுபாதியை மிரர் செய்துவிட்டால் இரண்டு முனையும் தானாகவே சமமாகிவிடாதா? ஆகும். ஆனால் 7300 நீளத்தில் 25 துளை. நடுவில் சரியாக ஒரு துளை உட்காரும். 7000 நீளத்தில் 24 துளை. நடுவில் துளை கிடையாது. பாதியை மட்டும் வரைந்தவர் நடுத்துளைக்கு ஒவ்வொரு தடவையும் ஒற்றையா இரட்டையா என்று பார்க்க வேண்டும். பார்க்காமல் நடுத்துளையையும் மூலத்தில் சேர்த்து மிரர் செய்தால், ஒரே இடத்தில் இரண்டு துளை ஒன்றின்மேல் ஒன்று உட்காரும். திரையில் ஒரு துளையாகவே தெரியும். அதன் விளைவைக் கடைசியில் சொல்கிறேன். வரிசைக்குப் பேட்டர்ன், கைமாறிய இணைக்கு மிரர் என்று பிரித்துக்கொள்வதே சுத்தம்.

எதைத் திரும்ப வரவைப்பது என்பது அடுத்த விஷயம். ஸ்கெட்சுக்குள்ளேயே வட்டத்தை 25 ஆக்கி ஒரே வெட்டாக வெட்டலாம். ஒரு வட்டத்தை வெட்டி அந்த வெட்டைப் பேட்டர்ன் ஆக்கலாம். அல்லது துளையிட்ட முழு உருப்படியையே அசெம்பிளியில் வரிசையாக நிறுத்தலாம். ஸ்கெட்சுக்குள் வரிசை போட்டால் ஒவ்வொரு வட்டத்துக்கும் கட்டுப்பாடுகள் ஏறும். எண்ணிக்கை கூடக் கூட ஸ்கெட்ச் திணறும். ஒரு துளையை மட்டும் சற்று நகர்த்த நினைத்தால் முழு வலையும் அசையும். வெட்டைப் பேட்டர்ன் ஆக்குவதே பொதுவாகச் சரி. ஒரு நிபந்தனை: துளையோடு பிறந்தவை எல்லாம் மூலத்திலேயே முடிந்திருக்க வேண்டும். விளிம்பு மழுக்கல், சுற்றிலும் வைக்கும் வலுவூட்டுப் பட்டை இவற்றையும் மூலத்தோடு சேர்த்துப் பேட்டர்னுக்குக் கொடுக்க வேண்டும். பேட்டர்ன் போட்ட பிறகு முதல் துளைக்கு மட்டும் மழுக்கல் போட்டால் மற்ற 24-க்கும் அது போகாது. அவற்றின் விளிம்புகளை ஒவ்வொன்றாகத் தொட்டுத் தேர்ந்தெடுத்தால், எண்ணிக்கை மாறும் நாளில் அந்தத் தேர்வே உடையும்.

இடையில் ஒரு துளை வேண்டாம் என்றால், அதை மூடி ஒட்டுவது கெட்ட பழக்கம். சாலிட்வொர்க்ஸில் `Instances to Skip` என்ற பெட்டி அதற்கென்றே இருக்கிறது. ஆனால் அது துளையை இடத்தால் நினைவு வைப்பதில்லை, வரிசை எண்ணால் வைக்கிறது. நீளம் மாறினால் ஏழாவது துளை வேறிடம் போகும். ஸ்பிரிங் பிராக்கெட் இருந்த இடத்தில் துளை முளைத்து, தேவைப்பட்ட இடத்தில் காணாமல் போகும். நீளம் மாறும் உருப்படியில் விட்டுவிட வேண்டிய துளை இருந்தால், வரிசையை இரண்டாக உடைத்து இரண்டு பேட்டர்ன் போடுவது மேல்.

இனி மிரர். நம் சாலையில் டிரைவர் வலது பக்கம், கிளீனர் இடது பக்கம். பாடி பட்டறையில் வலம் இடம் என்று சொல்வதைவிட டிரைவர் சைடு, கிளீனர் சைடு என்று சொல்வதில் ஒரு வசதி உண்டு. வண்டிக்கு முன்னால் நின்றாலும் பின்னால் நின்றாலும் அது மாறாது. மாடலிலும் கோப்புப் பெயரில் வலது, இடது என்று வைக்காமல் இப்படியே வைத்தால் பாதிக் குழப்பம் வராது.

பக்கக் கதவின் கீல் பிடிக்கும் மடித்த பிராக்கெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். வெட்டியெடுத்த தட்டையான தகடாக இருக்கும்வரை டிரைவர் சைடுத் தகடும் கிளீனர் சைடுத் தகடும் ஒன்றுதான். ஒன்றைப் புரட்டிப் போட்டால் மற்றது. நேர்த்துளை மட்டுமே உள்ள தட்டைத் தகட்டுக்கு மிரர் செய்து தனி எண் தருவது வீண். லேசரில் ஒரே உருவை இரண்டு மடங்கு எண்ணிக்கையில் வெட்டினால் போதும். மடிக்கும்போதுதான் இரண்டும் பிரிகின்றன. ஒன்றை மேல்நோக்கி, மற்றதைக் கீழ்நோக்கி மடிக்க வேண்டும். இரண்டையும் ஒரே பக்கம் மடித்துவிட்டால் வண்டிக்கு இரண்டு டிரைவர் சைடு பிராக்கெட் கிடைக்கும். இந்தத் தப்பு நிறைய நடப்பதற்குக் காரணம் மடிப்பவர் அல்ல, மடிக்கும் திசை எழுதாத வரைபடம்.

புரட்ட முடியாத தகடுகளும் உண்டு. ஏறி இறங்கும் படிக்குப் போடும் செக்கர் பிளேட்டில் பூ மேற்புறத்தில் மட்டும்தான். புரட்டினால் வழுக்கும் பக்கம் மேலே வரும். பளபளப்பு ஒரு முகத்தில் மட்டும் உள்ள எவர்சில்வர் தகட்டுக்கும் அதே கட்டுப்பாடு. சேலம் உருக்காலையால் இந்த வட்டாரத்துக்குப் பழகிய பொருள் அது. தலை அமிழும் கவுண்டர்சிங்க் துளை இருந்தாலும் அப்படியே. இவற்றுக்குத் தட்டைத் தகட்டு நிலையிலேயே எதிர்ப்படி தனி உருப்படி. வெட்டும் கோப்பும் தனி. வரைபடத்தில் 'பூ மேலே' என்று ஒரு வரி எழுதாமல் விட்டால், வெட்டுகிறவர் தகட்டில் இடம் மிச்சப்படும்படி புரட்டி அடுக்கியிருப்பார். அவரைக் குறை சொல்ல முடியாது.

முழு பாடியையும் மிரர் செய்யும்போது வேறொரு வகைப் பிழை நுழைகிறது. கடையில் வாங்கிப் பொருத்தும் போல்ட், கீல், வால்வு, விளக்கு இவையும் கூடவே இடவலம் மாறும். திரையில் அழகாக இருக்கும் அந்த இடக்கை வால்வை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. எழுத்துப் பொறித்த தகடு கண்ணாடியில் தெரியும் எழுத்தாகும். மரையைச் சுருளாகவே வரைந்திருந்தால் வலமரை இடமரையாகும். வெறும் குறியாகப் போட்டிருந்தால் ஆகாது. சாலிட்வொர்க்ஸ் அசெம்பிளியில் `Mirror Components` கொடுத்தால் ஒவ்வொன்றுக்கும் எதிர்க்கைப் பிரதி உண்டாக்கவா, இருப்பதையே எதிர்ப்பக்கம் இடம் மாற்றி வைக்கவா என்று கேட்கும். நாமே மடித்து வெல்டு செய்வதற்கு முதலாவது, வாங்கிப் போடுவதற்கு இரண்டாவது. அந்தப் பட்டியலை அவசரமாக `OK` அழுத்திக் கடப்பதால் வரும் செலவு, பொருள் வாங்கும் பட்டியலில் இல்லாத பாகமாக வந்து நிற்கும்.

லாரி இருபுறமும் ஒன்றல்ல என்பதையும் மறக்கக்கூடாது. டீசல் டேங்க், பேட்டரிப் பெட்டி, சைலன்சர், ஸ்டெப்னி தொங்கும் இடம் எல்லாம் ஒரு பக்கம்தான். அதனால் வரிசை முறை முக்கியம். இரண்டு பக்கத்துக்கும் பொதுவானவற்றை முதலில் ஒரு பக்கத்தில் முடித்து, மிரர் செய்து, ஒரு பக்கத்துக்கே உரியதை அதற்குப் பிறகு வெட்ட வேண்டும். டீசல் டேங்க் துளையை மிரருக்கு முன்னால் வெட்டினால் எதிர்ப்பக்கத்திலும் துளை வரும். அதை அடைக்க ஒரு தகடு, அதற்கு ஒரு வெல்டு. மாடலின் வரலாற்றில் மிரர் என்ற வரிக்கு மேலே இருப்பது பொது, கீழே இருப்பது தனி என்று யார் திறந்தாலும் தெரியும்படி இருக்கட்டும். ஒரு எச்சரிக்கை: அகலத்தை நடுத்தளத்திலிருந்து இரண்டு பக்கமும் பாதி பாதியாக அளந்திருக்க வேண்டும். ஒரு பக்கத்திலிருந்து அளந்து, நடுத்தளத்தை 1200 தள்ளி நட்டு வைத்தால், அகலம் மாறும் நாளில் நடுத்தளம் அங்கேயே நிற்கும்; பாடி ஒரு பக்கம் சரியும்.

வட்டத்தில் வரும் துளைகளுக்கு நாமக்கல்லில் எடுத்துக்காட்டுத் தேட வேண்டியதில்லை. சமையல் எரிவாயு டேங்கர் லாரிகளுக்குப் பெயர்பெற்ற ஊர் அது. டேங்கர் என்றால் குழாய், குழாய் என்றால் ஃபிளான்ஜ். ASME B16.5 தரப்படி 4 அங்குலம், 150 வகுப்பு ஃபிளான்ஜில் 190.5 மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்டத்தில் 19 மில்லிமீட்டர் துளை எட்டு. ஒரு துளை வெட்டி, அச்சைத் தொட்டு, `Circular Pattern`, எட்டு, 360 டிகிரி, முடிந்தது என்று தோன்றும். முடியவில்லை. முதல் துளை எங்கே இருக்க வேண்டும்?

அந்தத் தரத்தில் துளைகள் எப்போதும் நான்கின் மடங்கு. குழாய் வேலையில் எல்லோரும் ஒப்புக்கொண்ட வழக்கம், நிமிர்ந்த மையக்கோட்டின் மேல் துளை விழாமல் அதன் இருபுறமும் சமமாக விலகி நிற்பது. நான்கின் மடங்கு என்பதால் நிமிர்ந்த கோட்டுக்குச் சரியானது படுத்த கோட்டுக்கும் சரியாகும். வளைகுழாயை 90 டிகிரி திருப்பினாலும் துளை பொருந்தும். எட்டுத் துளையென்றால் இடைக்கோணம் 45; முதல் துளை அதில் பாதி, அதாவது மையக்கோட்டிலிருந்து 22.5 டிகிரியில் இருக்க வேண்டும். வரைகிறவர் இயல்பாக 12 மணி நிலையில் முதல் துளையை வைத்துவிட்டால், எதிர்க் குழாயின் துளைகளிலிருந்து எல்லாமே சுமார் 37 மில்லிமீட்டர் தள்ளி நிற்கும். ஃபிளான்ஜ் தனியாக இருந்தால் கொஞ்சம் சுழற்றிக்கொள்ளலாம். டேங்கில் வெல்டு ஆன பிறகு வெட்டித்தான் எடுக்க வேண்டும்.

பட்டறையில் இதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. மேலே உள்ள இரண்டு துளையில் இரண்டு போல்ட்டை நுழைத்து அவற்றின்மேல் ரசமட்டம் வைத்துப் பார்க்க வேண்டும். மட்டமாக இருந்தால் சரி. அடுத்தடுத்த துளைகளின் மையத்துக்கு மையம் 72.9 வர வேண்டும். கையால் காம்பஸ் வைத்துப் பிரித்துப் போடுகிறவரும் அதே அளவை வைத்து நடக்கலாம்.

வட்டப் பேட்டர்னில் இன்னொரு கண்ணி. 360 என்பது முழுச் சுற்றா, முதல் துளைக்கும் கடைசித் துளைக்கும் இடையிலான கோணமா என்பதில் நிரல்களும் அவற்றின் தேர்வுகளும் வேறுபடுகின்றன. இரண்டாவது அர்த்தத்தில் எடுத்துக்கொள்ளும் நிலையில் எட்டு, 360 என்று கொடுத்தால், எட்டாவது துளை முதல் துளையின் மேலேயே போய் உட்காரும். கண்ணுக்கு ஏழு துளை தெரியும். நிரலின் கணக்கில் எட்டு. இடைக்கோணம் 45-க்குப் பதிலாக 51.4 ஆகிவிடும். திரையில் துளைகளை எண்ணிப் பார்ப்பது சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றலாம். செலவில்லாத சோதனை.

ஒன்றின்மேல் ஒன்று விழுந்த அந்தத் துளைகளுக்கு வருகிறேன். நடுத்தளத்தின் மேல் இருந்ததை மிரர் செய்தாலும், வட்டப் பேட்டர்னின் கடைசித் துளை முதல் துளையின் மேல் விழுந்தாலும் வருவது இதுதான். திடப்பொருள் மாடலில் வெட்டிய இடத்தை மறுபடி வெட்டுவதால் கெடுதல் இல்லை. வடிவம் சரியாகவே இருக்கும். ஆனால் ஸ்கெட்சில் மிரர் செய்து அதையே டிஎக்ஸ்எஃப் கோப்பாக லேசர் கட்டிங் கடைக்கு அனுப்பினால், ஒரே வட்டம் இரண்டு தடவை போகிறது. அடுக்கும் நிரல் இரட்டையைக் கண்டுபிடித்து நீக்கினால் பிழைத்தோம். நீக்காவிட்டால் லேசர் வெட்டிய துளையின் விளிம்பையே மறுபடி சுற்றிவரும். விளிம்பு தீய்ந்து துளை சற்றே அகலும், நேரக் கூலியும் ஏறும். தகட்டில் ஒரே ஒரு துளை மட்டும் மற்றவற்றைவிடக் கறுத்திருந்தால், அது பெரும்பாலும் நடுத்துளையாகவே இருக்கும். கோப்பை அனுப்புவதற்கு முன் மாடலின் முகத்திலிருந்தே டிஎக்ஸ்எஃப் எடுத்தால் இந்தத் தொல்லை வராது. முகத்தில் ஒரு துளைக்கு ஒரு விளிம்புதான். ஸ்கெட்சிலிருந்து எடுத்தே ஆகவேண்டும் என்றால், கோப்பில் உள்ள வட்டங்களின் எண்ணிக்கையை `holes` தரும் எண்ணோடு ஒப்பிட்டுவிட்டு அனுப்பலாம்.